பிடிக்காத வரி

தமிழ்ச்செல்வி மஸ்கட்டிலிருந்து கொழும்பு வழியாக மதுரை வந்து இறங்கியபோது, அவள் அம்மா அன்னக்கொடியை எரித்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது.

தத்தனேரியில் பிற்பகல் இரண்டு மணிக்குக் கொள்ளி வைத்தாயிற்று. விமானம் ஆறு மணிக்கு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். டிக்கெட்டின் படத்தை அவளே அனுப்பியிருந்தாள். கொள்ளி வைத்தவன் பாண்டியராஜன். தாய்மாமன் காசிமாயனின் மகன், அவளுக்கு முறை மச்சான். விளாங்குடியில் அதே அடுக்கு மாடிக் குடியிருப்பில், அதே இரண்டாம் தளத்தில், அம்மாவின் வீட்டுக்கு ஒட்டின வீடு அவனுடையது. "நீ அங்கிட்டு இரு, அத்தையை நான் பாத்துக்கிறேன்" என்று பன்னிரண்டு வருஷமாக அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

"பாடி தாங்காது செல்வி. சனமெல்லாம் வெயில்ல காத்துக் கெடந்தாக. என்ன செய்யச் சொல்ற?"

மொட்டையடித்த தலையோடு அவன் சொன்னதை அவள் நின்றபடியே கேட்டாள். அவள் மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். எந்த உடம்பு எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதிலும் மாசி மாதம். கீழ்த்தளத்தில் போன மாதம் செத்துப்போன ஒரு தாத்தாவை, அமெரிக்காவிலிருந்து மகன் வருகிற வரைக்கும் ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டிக்குப் போன் போட்டுச் சொன்னால் அரைமணி நேரத்தில் வந்துவிடும்.

மூன்று நாளைக்கு முன்னால் அவன்தான் பேசியிருந்தான். "லேசாக் காச்சல், வேற ஒண்ணுமில்ல. தூங்குறாக. எந்திரிச்சதும் பேசச் சொல்றேன்." அம்மா எழுந்து பேசவே இல்லை. அம்மாவின் போன் அணைந்தே கிடந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள் என்பதைக் கூடச் செல்வி துக்க வீட்டில்தான் கேள்விப்பட்டாள், அதுவும் பாத்திரம் தேய்க்கிற பெண் வாய் தவறிச் சொன்னபோது.

அப்போது அவள் யாரிடமும் சண்டை போடவில்லை. காரியம் முடிந்தது. இறப்புச் சான்றிதழ் வாங்கினாள். அப்பா ஏற்கெனவே இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அவள் ஒருத்திதான் வாரிசு என்று தாலுகா ஆபீஸில் சான்றிதழ் எழுதி வாங்கினாள். வீட்டைப் பூட்டிவிட்டு மஸ்கட் போனாள். ஆனால் அந்த நான்கு மணி நேரம் அவள் கூடவே விமானம் ஏறியது. டியூட்டியில் கை கழுவும்போது, மகனுக்குச் சோறு போடும்போது, ஏன் காத்திருக்கவில்லை, ஏன் காத்திருக்கவில்லை என்று உள்ளுக்குள் ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து அவள் வீட்டை விற்க வந்தாள். வாங்க முன்வந்தவர் ஷாநவாஸ். பழைய நகரத்தில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். மகள் நுஸைபாவுக்கு விளாங்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேலை. அவளைக் குடிவைக்க வீடு தேடிக்கொண்டிருந்தார். வீட்டைப் பார்த்தார், அறுபத்திரண்டு லட்சம் என்றார். பேரம் பேசவில்லை. நேராக இருவரும் ஆடிட்டரிடம் போனார்கள்.

ஆடிட்டர் கனகலட்சுமியின் ஆபீஸ் செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்கு மேலே இருந்தது. கீழே தறி ஓடுகிற சத்தம் தரை வழியாகக் காலில் ஏறும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே கனகலட்சுமிக்குக் குரல் கனத்துவிட்டிருந்தது.

"பாய், நீங்க வாங்குறவரு. இவங்க வெளிநாட்டுல இருக்கிறவங்க. உள்ளூர்க்காரங்க கிட்ட வாங்குனா ஒரு பர்சென்ட் பிடிச்சுக் கட்டிட்டு வேலையப் பாக்கலாம். இவங்க கிட்ட வாங்குனா அப்பிடி இல்ல. முழு விலைக்கும் பதினாலே கால் பர்சென்டுக்கு மேல பிடிக்கணும். ஏறக்குறைய ஒன்பது லட்சம்."

"லாபத்துக்குத்தானே மேடம் வரி?" என்றாள் செல்வி. "அம்மா ரெண்டாயிரத்தி எட்டுல பதினெட்டு லட்சத்துக்கு வாங்குனது. கிராமத்துல நர்சா இருந்து ரிட்டயர் ஆன பணம்."

"வரி லாபத்துக்குத்தான். ஆனா உங்க லாபம் எம்புட்டுன்னு பாய்க்கு எப்படித் தெரியும்? அதுனால அவரு முழுசுக்கும் பிடிச்சாத்தான் அவருக்குப் பாதுகாப்பு. நீங்க கணக்குத் தாக்கல் பண்ணி மிச்சத்தத் திரும்ப வாங்கணும், அதுக்கு ஒரு வருஷம் கூட ஆகலாம். அது வேணாம்னா ஒரு வழி இருக்கு. உங்க வாரிசுக் கணக்குல அம்மா வாங்குன விலைதான் உங்க விலை. அறுபத்திரண்டுல பதினெட்டு போக நாப்பத்திநாலு லாபம். அதுக்கு வரி அஞ்சே முக்கால் லட்சத்துக்குக் கிட்ட வரும். இத முன்னாடியே டிபார்ட்மென்டுக்குக் காட்டி, இம்புட்டுப் பிடிச்சாப் போதும்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிறலாம்."

ஷாநவாஸ் தாடியைத் தடவினார். "எனக்கு என்ன வேலை இதுல?"

"உங்க டான் நம்பர் வேணும் பாய். வரி பிடிக்கிறவங்க எடுக்க வேண்டிய நம்பர்."

"கடைக்கே எடுத்து வச்சிருக்கேன்மா. இன்ஷா அல்லாஹ், நல்லபடியா முடியட்டும்."

அன்றே ஒப்பந்தம் எழுதினார்கள். முன்பணம் மட்டும் வேண்டாம் என்றாள் கனகலட்சுமி. சர்டிபிகேட் வருவதற்கு முன்னால் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் முழுப் பிடித்தம் உண்டு. வந்த தேதியிலிருந்துதான் அது செல்லும். செல்வியின் பெயரில் விண்ணப்பம் இணையத்தில் போயிற்று. ஒப்பந்தம், அம்மாவின் கிரயப் பத்திரம், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், லாபக் கணக்கு, பாஸ்போர்ட் நகல் எல்லாம் ஏற்றினார்கள். மூன்று வாரம் கழித்து வெளிநாட்டு வரிப் பிரிவு அதிகாரி ஒரு கேள்வி கேட்டார்: பதினெட்டு லட்சத்தில் பத்திரச் செலவு எவ்வளவு, அதற்கு ரசீது எங்கே? செல்வி மஸ்கட்டில் இருந்தபடி, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்து எடுத்து வந்த காகிதங்களை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பினாள். அம்மா பதிவுக் கட்டண ரசீதைக் கூட நாலாக மடித்துப் பாலிதீன் பையில் வைத்திருந்தாள்.

ஏழாவது வாரம் சர்டிபிகேட் வந்தது. நூற்றுக்கு ஒன்பதே கால் பிடித்தால் போதும் என்று அதில் இருந்தது. ஷாநவாஸின் பெயரும் டான் நம்பரும், அறுபத்திரண்டு லட்சம் என்ற தொகையும், மார்ச் கடைசி வரை செல்லும் என்ற தேதியும் இருந்தன.

மறுநாள் ஷாநவாஸ் போன் செய்தார். குரல் இறங்கியிருந்தது.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. வீடு வேணாம்னு வச்சுக்கிறேன்."

"ஏன் பாய்? சர்டிபிகேட் வந்திருச்சே!"

"உங்க மச்சான் கடைக்கு வந்தாரும்மா. வெளிநாட்டுக்காரங்க சொத்து, வரியில ஒரு பைசா கொறஞ்சாலும் உள்ள வச்சிருவாங்க, சர்டிபிகேட்டெல்லாம் நாளைக்கு கேன்சல் பண்ணிருவாங்கன்னாரு. அத விட, வாரிசுல தகராறு இருக்கு, அத்தை எனக்கு எழுதிக் கொடுத்த பேப்பர் இருக்கு, கேஸ் போடுவேன்னாரு. நான் பொம்பளப் புள்ளயக் குடிவைக்கப் போற எடம். பக்கத்து வீட்டுக்காரரோட மல்லுக்கு நிக்க முடியாதும்மா."

அவர் வைத்த பிறகும் செல்வி போனைக் காதிலேயே வைத்திருந்தாள். அத்தை எழுதிக் கொடுத்த பேப்பர். அப்படி ஒன்றை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

அடுத்து வந்த இரண்டு பேரும் இப்படியே விலகினார்கள். அதன் பிறகு, எதிர்பார்த்தபடியே, பாண்டியராஜன் பேசினான். வார்த்தையில் தேன் வடிந்தது.

"ஊரெல்லாம் அலைஞ்சு என்ன ஆச்சு, பாத்தியா? வெளிநாட்டுச் சொத்துன்னா ஒரு பய கிட்ட வர மாட்டான். நான் எடுத்துக்கிறேன் புள்ள. சுவர ஒடைச்சு ரெண்டு வீட்டையும் ஒண்ணாக்கிருவேன். நாப்பத்தெட்டு. ஒரு ரூபா வரி பிடிக்க மாட்டேன், முழுசா ஒன் கையில."

"அந்தப் பேப்பர் என்ன மச்சான்?"

"எந்தப் பேப்பரு? அது சும்மா... பாய்க்கிட்ட ஒரு பேச்சுக்குச் சொன்னது. விடு. நாப்பத்தெட்டு, என்ன சொல்ற?"

அவள் யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டுக் கனகலட்சுமிக்குப் போன் போட்டாள்.

"வரியே பிடிக்க மாட்டாராமா? எப்படி?"

"அம்பது லட்சத்துக்குக் கீழ இருந்தாப் பிடிக்க வேணாம்னு பத்திரம் எழுதுறவரு சொன்னாராம்."

கனகலட்சுமி சிரித்தாள். "அது உள்ளூர்க்காரங்களுக்கு. உங்களுக்கு அம்பதும் கிடையாது, அஞ்சும் கிடையாது. ஒரு லட்சத்துக்கு வித்தாலும் பிடிக்கணும். பாய்க்கு வாங்குன சர்டிபிகேட் இவருக்குச் செல்லாது, அதுல பாய் பேருதான இருக்கு. இவரு டான் எடுக்கட்டும், பத்து நாள்ல கிடைச்சிரும். நாம புதுசா ஒண்ணு போடுவோம்."

"அவரு டான் எடுக்க மாட்டாரு மேடம். மேலூர்ல ஜல்லி, எம்-சாண்ட் யாவாரம். பாதி கணக்குல வராது. வருமான வரின்னு சொன்னாலே வேர்க்கும்."

"அப்ப அவருக்கு விக்காதீங்க."

மறுமுனையில் தறி ஓடிக்கொண்டிருந்தது. செல்வி மெதுவாகக் கேட்டாள். "மேடம், அவரு பிடிக்காம விட்டா யார் தலையில விழும்?"

"அவரு தலையிலதான். பிடிக்க வேண்டியவரு பிடிக்கலைன்னா அவர் கட்டுன மாதிரியே டிபார்ட்மென்ட் கேக்கும். நாப்பத்தெட்டுக்கு ஆறே கால் லட்சம். மாசம் ஒரு பர்சென்ட் வட்டி. அது போக அதே அளவுக்கு அபராதமும் போடலாம். நீங்க உங்க வரியக் கட்டிட்டா உங்களுக்கு ஒண்ணுமில்ல." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "செல்வி, எதுக்கு இதக் கேக்குறீங்க?"

"தெரிஞ்சுக்கத்தான் மேடம்."

அன்றைக்கு மஸ்கட்டில் அவளுக்கு நல்ல பசி எடுத்தது. ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாகச் சோற்றை மறுபடி வாங்கிச் சாப்பிட்டாள்.

அவள் பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அதில் கறாராக இருந்தாள். பாண்டியராஜனுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போனது. நான் வெளிநாட்டில் வசிப்பவள், என்னிடம் வாங்கும்போது நீங்கள் வரி பிடித்துக் கட்ட வேண்டும், டான் நம்பர் எடுத்துக் கொடுத்தால் குறைந்த பிடித்தத்துக்கு நான் சர்டிபிகேட் வாங்கித் தருகிறேன் என்று இருந்தது. அதையே வாட்ஸாப்பிலும் அனுப்பினாள். அவன் கட்டைவிரல் படம் ஒன்றைப் பதிலுக்குப் போட்டான். பிறகு போனில் சிரித்தான். "அந்தப் பொம்பள ஆடிட்டர் பீஸுக்காக ஒன்னய ஏத்திவிடுது. நீயும் நானும் பாத்து முடிக்கிற வேலை இது."

"சரி மச்சான். ஆனா பணம் பூராவும் பேங்க் வழியா வரணும். கையில ஒரு பைசா வாங்க மாட்டேன்."

இருபது லட்சத்தைக் கையில் கொடுக்க நினைத்திருந்தவன் முணுமுணுத்தான். முடிவில் ஒத்துக்கொண்டான். பதினாலு லட்சம் மலிவாக வீடு கிடைக்கிறபோது யார்தான் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்? அந்தப் பதினாலு லட்சம் தன் கையை விட்டுப் போகிறது என்பது செல்விக்கும் தெரியும். போகட்டும் என்று நினைத்தாள்.

மார்கழியில் பத்து நாள் விடுப்பில் வந்தாள். பதிவு ஆபீஸ் வாசலில் பத்திரத்தை வாசித்துப் பார்த்தபோது, அவளுடைய விலாசம் விளாங்குடி என்று போட்டிருந்தது. பத்திரம் எழுதுகிறவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நான் இருக்கிறது மஸ்கட்டுல. அந்த விலாசத்தப் போடுங்க. பாஸ்போர்ட் நம்பரும் போடுங்க."

"எதுக்கும்மா, உள்ளூர் விலாசம் இருந்தாத்தான் மச்சானுக்கு..."

"இருக்கிறத எழுதுங்கண்ணே. பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்."

பாண்டியராஜன் கடிகாரத்தைப் பார்த்தான். டோக்கன் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. "அவ சொல்றதப் போடுய்யா. எந்த ஊரா இருந்தா என்ன!" என்றான். மஸ்கட் விலாசத்தோடு பத்திரம் பதிவாயிற்று. நாற்பத்தெட்டு லட்சமும் ஒரு பைசா குறையாமல் அவள் கணக்கில் விழுந்தது. அவன் எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தான். அவளும் குடித்தாள்.

அவள் மஸ்கட் போய்ச் சேர்வதற்குள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த சுவரை அவன் உடைத்துவிட்டான். அம்மா சாமி படம் மாட்டியிருந்த சுவர் அது.

மார்ச் பதினைந்துக்குள் செல்வி தன் லாபத்துக்கான வரியை, மூன்று லட்சத்துத் தொண்ணூறாயிரத்தை, முன்கூட்டியே கட்டினாள். ஆகஸ்டில் கனகலட்சுமி அவளுடைய கணக்கைத் தாக்கல் செய்தாள். வெளிநாட்டில் வசிப்பவர் என்ற கட்டத்தில் குறி போட்டாள். விற்ற சொத்து என்ற இடத்தில் வாங்கியவர் பெயரும் பான் எண்ணும் கேட்டிருந்தது.

"இதப் போட்டா, வாங்குனவரு வரி பிடிக்கலைன்னு டிபார்ட்மென்ட்ல மணி அடிச்சிரும். தெரியும்ல?" என்றாள் போனில்.

"கேட்டத எழுதாம விட முடியுமா மேடம்?"

"விட முடியாது." கனகலட்சுமி பெருமூச்சு விட்டாள். "நீங்க செய்யுறது எதுவும் தப்பில்ல. அதான் எனக்குப் பயமா இருக்கு."

தை மாதம் பாண்டியராஜனுக்கு நோட்டீஸ் வந்தது. அவன் அதை மேலூரில் ஒரு கணக்குப்பிள்ளையிடம் காட்ட, அவர் பதில் எழுதத் தெரியாமல் எழுதினார். விற்றவர் உள்ளூர்க்காரர் என்று நினைத்தேன் என்று அதில் இருந்தது. அதிகாரி பத்திரத்தின் முதல் பக்கத்தை, மஸ்கட் விலாசத்துக்குக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார். மாசியில் உத்தரவு வந்தது: ஆறு லட்சத்து இருபத்து நான்காயிரம் வரி, தொண்ணூறாயிரத்துச் சொச்சம் வட்டி. அபராதத்துக்குத் தனி நோட்டீஸ். எம்-சாண்ட் வியாபாரத்தின் மூன்று வருஷக் கணக்கைக் கொண்டுவரச் சொல்லி இன்னொரு பிரிவிலிருந்து ஒரு கடிதமும் பின்னாலேயே வந்தது.

இதன் பிறகுதான் அவனுக்கு ஒரு நல்ல வக்கீல் கிடைத்தார். அவர் ஒரே ஒரு வழி சொன்னார். விற்ற பெண் தன் கணக்கில் இந்தப் பணத்தைக் காட்டி வரி கட்டியிருந்தால், அதை ஒரு ஆடிட்டர் சான்று எழுதிக் கொடுத்தால், உன் மேல் அந்த ஆறே கால் லட்சம் நிற்காது. வட்டியில் ஒரு பகுதிதான் மிஞ்சும், அபராதமும் பெரும்பாலும் விழுந்துவிடும். ஆனால் அந்தப் பெண் தன் கணக்கைக் காட்ட வேண்டும்.

செல்வி அப்போது ஒரு கல்யாணத்துக்காக மதுரை வந்திருந்தாள். அவன் போன் செய்தபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். "செல்லூருக்கு வா. வரும்போது மாமாவையும் கூட்டிட்டு வா."

காசிமாயனுக்கு எழுபத்தாறு வயது. படியேறி வர அவருக்குச் சிரமமாக இருந்தது. மூச்சு வாங்க உட்கார்ந்தார். பாண்டியராஜன் இளைத்திருந்தான். கனகலட்சுமி மேஜைக்குப் பின்னால் சங்கடத்தோடு இருந்தாள்.

"செல்வி, நான் விவரம் தெரியாமச் செஞ்சது," என்று ஆரம்பித்தான். "லாரி ரெண்ட அடமானம் வச்சிட்டேன். ஒன் கணக்குல ஒரு பேப்பரு. மேடம் ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிரும். ஒனக்கு ஒரு நட்டமும் இல்ல."

"இல்லதான்."

"அப்புறம் என்ன புள்ள?"

"அம்மா விழுந்தாங்கள்ல. அந்த மூணு நாள் என்ன நடந்துச்சு, அதச் சொல்லு."

"இப்ப எதுக்கு அது..."

"மாமா முன்னாடி சொல்லு. அப்புறம் பாப்போம்."

கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது. அவன் அப்பாவைப் பார்த்தான், கனகலட்சுமியைப் பார்த்தான். சொல்லாமல் எழுந்து போய்விடுவான் என்றுதான் செல்வி நினைத்தாள். ஆனால் வரியும் வட்டியும் அபராதமுமாகச் சேர்ந்த பதின்மூன்று லட்சம் அவனை உட்கார வைத்தது.

"இடுப்பு ஒடிஞ்சிருச்சு. ஆசுபத்திரிக்குப் போனா ஒனக்குச் சொல்லணும். நீ வந்து கூட்டிட்டுப் போயிருவ. வீட்ட எனக்கு எழுதித் தரேன்னு அத்தை ஒரு காலத்துல சொன்னதுதான்..."

"எங்க அம்மா சொன்னாங்களா?"

அவன் தலையைக் குனிந்தான். "இல்ல. நான்தான் கேட்டுக்கிட்டே இருந்தேன். முடியாதுன்னாக. போன வாங்கி வச்சிட்டேன். மூணாம் நாளு நெனப்புத் தப்பிருச்சு. அப்ப ஒரு பேப்பர்ல... கைரேகை வாங்குனேன்."

காசிமாயனின் வாய் லேசாகத் திறந்தது.

"அது செல்லாதுன்னு அப்புறந்தான் வக்கீல் சொன்னாரு. வீட்ட தானமா எழுதுன பேப்பர ரிஜிஸ்டர் பண்ணலைன்னா மதிப்பில்லைனாரு. ஆனா வெரல்ல மை. தேச்சுத் தேச்சுப் பாத்தேன், போகல. நீ நர்சு. வந்த உடனே கையத்தான் பிடிப்ப. அதான்... காத்திருக்கல."

செல்வி இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள். மூன்று வருஷமாக அவள் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் ஒரு விரலில் இருந்தது.

"அம்மா ஏதாவது கேட்டாங்களா?"

"ஒன்னத்தான். செல்விக்குப் போன் போடு, செல்விக்குப் போன் போடுன்னு..." அவன் குரல் உடைந்தது. "நான் சொல்லிட்டேன். நீ கேட்டதச் சொல்லிட்டேன். கையெழுத்து வாங்கிக் குடு."

காசிமாயன் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. "எங்க அக்கா அது," என்றார். "எனக்குச் சோறு ஊட்டுனது." அவ்வளவுதான். கைப்பிடியைத் தடவித் தடவிப் படியிறங்கினார். அவரைத் தாங்கிப் பிடிக்க எழுந்த பாண்டியராஜனைக் கையால் தள்ளிவிட்டார்.

அவன் வாசலில் நின்றபடி செல்வியைப் பார்த்தான். "என்ன சொல்ற?"

"ஒண்ணும் சொல்லல. போ."

"சொன்னாத் தரேன்னு சொன்னியே!"

"அப்புறம் பாப்போம்னு சொன்னேன். பாத்துட்டேன். போ மச்சான்."

அவன் கத்தினான். ஏமாற்றுக்காரி என்றான், உன் வம்சம் விளங்காது என்றான். கனகலட்சுமியின் உதவியாளர் மேலே வந்து அவனைக் கீழே கூட்டிப்போனார். சத்தம் தெருவில் தேய்ந்து போனது.

கனகலட்சுமி தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினாள். "செல்வி, ஒண்ணு சொல்லட்டுமா? அவரு அப்பீல் போவாரு. அங்க உங்க கணக்க அவங்களே எடுத்துப் பாத்து விடுவிக்கவும் கூடும். ஆனா அதுக்கு வருஷக் கணக்காகும், அதுக்குள்ள ஒரு பங்கக் கட்டித்தான் ஆகணும். இன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் பத்து நாள்ல முடியும். அரசாங்கத்துக்கு வர வேண்டியது உங்க கிட்டருந்து வந்தாச்சு. இது வெறும் வலிதான்."

"தெரியும் மேடம். வலிக்கட்டும்."

"உங்களுக்கு?"

செல்வி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "எனக்கும் வலிக்குது. பரவாயில்ல."

அவள் மஸ்கட் திரும்பினாள். வைகாசியில் காசிமாயன் போன் செய்தார். மகன் வீட்டில் இப்போது அவர் இல்லை, கருமாத்தூருக்குப் போய்விட்டார். அடமானம் வைத்த இரண்டு லாரியையும் பேங்க் எடுத்துக்கொண்டது, மூன்றாவதைப் பாண்டியராஜனே விற்றுவிட்டான். சுவர் உடைத்த இரட்டை வீட்டை விற்கப் போட்டிருக்கிறான், ஒரு சமையலறையை இடித்துவிட்டதால் கேட்ட விலைக்கு யாரும் வரவில்லை. அவனுக்காகப் பேச நான் போன் போடவில்லை என்று அவரே சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி வேறொன்றைச் சொன்னார்.

"பேத்தி பேச்சியம்மாளுக்கு ரெண்டாம் வருஷப் பீஸு கட்டலத்தா. பரீச்ச எழுத விட மாட்டாகளாம். அவ ஒரு பாவமும் அறியாதவ."

"எம்புட்டு மாமா?"

"எழுவத்தஞ்சாயிரம்னு சொல்லுது."

"காலேஜ் பேங்க் நம்பரு அனுப்பச் சொல்லுங்க. நேரா காலேஜுக்குப் போட்டுர்றேன். அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் நான் கட்டுறேன். அவ அப்பன் கையில ஒரு ரூபாயும் போகக் கூடாது."

கிழவர் அழுகிற சத்தம் கேட்டது. "அந்தக் கையெழுத்தும்..." என்று அவர் வாயில் வந்தது, முடிக்கவில்லை.

"அது இல்ல மாமா," என்றாள் செல்வி. "அது மட்டும் கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. வைத்துவிட்டார். மறுநாள் கல்லூரிக்குப் பணம் போனது. அபராத உத்தரவின் நகலைக் கனகலட்சுமி அனுப்பியிருந்தாள். பாண்டியராஜனின் வக்கீல் அந்தச் சான்றை மறுபடி கேட்டிருக்கிறார், என்ன பதில் சொல்லட்டும் என்று கீழே எழுதியிருந்தாள். செல்வி டியூட்டிக்குக் கிளம்புகிற அவசரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே ஒற்றைக் கையால் பதில் அடித்தாள்.

"அதே பதில்தான் மேடம்."